கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில்: இருவரும் சேர்ந்து விடுப்பு எடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கோவையில் ஏறத்தாழ 140 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் கணக்குப் பிரிவிலும் என் கணவர் கணினிப் பிரிவிலும் இருக்கிறோம். இருவரும் ஒரே நேரத்தில் விடுப்பு கேட்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அதைச் சரியாகக் கேட்கத் தெரிந்துகொள்ள எங்களுக்குச் சில ஆண்டுகள் ஆயின. 2022-இல் ஒரு முறை நான் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிட்டேன். அவருடைய மேலாளரோ “பார்த்துக்கலாம், போயிட்டு வாங்க” என்று வாய்மொழியாகச் சொன்னதோடு சரி. பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் பிரிவின் இளைஞருக்கு நிச்சயதார்த்தம் குறித்துவிட்டார்கள். அந்த இளைஞர் முறையாக விண்ணப்பித்ததால் விடுப்பு அவருக்குப் போனது, என் கணவருக்கு மறுக்கப்பட்டது. நான் மட்டும் குழந்தையுடன் போய்வந்தேன். அதில் யார்மீதும் தவறு சொல்ல முடியாது. நாங்கள் கேட்ட முறைதான் தவறு.

இருவரும் வெவ்வேறு பிரிவில் இருந்தால் சிக்கலே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு மேலாளரும் தன் பிரிவில் ஒருவர்தானே போகிறார் என்று பார்த்து ஒப்புதல் தருவார், விடுப்புச் செயலியும் அப்படித்தான் எண்ணிப் பார்க்கும். ஆனால் வேலை நிற்பது பெரும்பாலும் காலியான நாற்காலியால் அல்ல, இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் இருக்கும் தொடர்பு அறுவதால். கணக்குப் பிரிவில் டேலி கணக்கு மென்பொருள் திறக்கவில்லையென்றால் அழைப்பது என் கணவரை. அவருக்குச் சர்வர் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் பில் பாக்கி நிற்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கேட்பது என்னை. இருவரும் சேர்ந்து போனால் இந்தக் கண்ணி முழுவதுமாகக் கழன்றுவிடும். அது எந்த மேலாளரின் பட்டியலிலும் தெரியாது, தம்பதியருக்கு மட்டுமே தெரியும். ஆகவே அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பும் தம்பதியருடையதே.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 4, வியாழக்கிழமை அன்று நாகர்கோவிலில் என் தங்கைக்குத் திருமணம். அதற்கு நாங்கள் விடுப்பு எடுத்த விதத்தையே எடுத்துக்காட்டாக வைத்து ஒவ்வொரு படியையும் விளக்குகிறேன்.

முதல் படி: ஆட்களை எண்ணாமல் தேதிகளை எழுதுங்கள்

மேலாளரிடம் பேசுவதற்கு முன்பே, விடுப்பு விழும் வாரத்தையும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்று கட்டாயம் நடந்தாக வேண்டிய வேலை எது என்று மட்டும் குறிக்க வேண்டும். தினசரி வேலைகள் இதில் வேண்டாம். அவை ஒரு நாள் தள்ளிப்போனால் யாரும் சாகப்போவதில்லை.

என் பக்கத்தில் தேதிகள் சட்டத்தால் கட்டப்பட்டவை. ஆகஸ்டில் பிடித்தம் செய்த டிடிஎஸ் வரித் தொகையைச் செப்டம்பர் 7-க்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். தாமதித்தால் பிடித்தம் செய்த நாளிலிருந்து மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி, அதிலும் மாதத்தின் ஒரு பகுதி முழு மாதமாகவே கணக்கிடப்படும். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி, வருங்கால வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐக்கும் 15-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி. சம்பளம் எங்கள் நிறுவனத்தில் மாதக் கடைசி வேலை நாளில் போய்விடும், அந்த ஆகஸ்டில் அது 29, வெள்ளிக்கிழமை. ஆகவே செப்டம்பரின் முதல் வாரத்தில் எனக்கு ஒரே ஒரு முடிச்சுதான் இருந்தது, டிடிஎஸ். அந்த 7-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததால், நடைமுறையில் வார வேலை முடிவதற்குள் கட்டிவிட வேண்டும்.

என் கணவரின் பக்கத்தில் தேதிகளைச் சட்டம் கட்டவில்லை, பழக்கம் கட்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் 1, 2 தேதிகளில் வாடிக்கையாளர்களுக்கான பில்கள் கணினியில் ஒட்டுமொத்தமாக உருவாகும். அந்த இரண்டு நாட்களில் ஏதேனும் ஒன்று பாதியில் நிற்பது வழக்கம், அதைச் சரிசெய்ய இருவராவது இருக்க வேண்டும். அவருடைய பிரிவில் மேலாளரையும் சேர்த்து மூவர்தான். 3-ஆம் தேதிக்குப் பிறகு அந்தப் பிரிவு ஏறத்தாழ அமைதியாக இருக்கும்.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. என் வாரம் முன்பாதியில் இலகு, பின்பாதியில் இறுக்கம். அவருடைய வாரம் அப்படியே தலைகீழ். ஒரே தேதிகளுக்கு இருவரும் ஒன்றாகக் கேட்டிருந்தால், இருவருமே தத்தம் மோசமான நாட்களையும் சேர்த்துக் கேட்டவர்களாக ஆகியிருப்போம்.

இரண்டாம் படி: உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள கண்ணிகளைத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள். ஒரு மாலை வீட்டில் உட்கார்ந்து, கடந்த மூன்று மாதங்களில் அலுவலக வேலைக்காக ஒருவரையொருவர் எத்தனை முறை அழைத்தோம், எதற்காக அழைத்தோம் என்று வாட்ஸ்அப் உரையாடலையும் மின்னஞ்சலையும் புரட்டிப் பாருங்கள். எங்களுக்கு நான்கு வகைக் கண்ணிகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு சில்லறை விஷயங்கள். மற்ற இரண்டு எங்களைத் திடுக்கிட வைத்தன.

ஒன்று, டேலியில் யாருக்கு என்ன உரிமை என்பதை மாற்றும் நிர்வாகக் கடவுச்சொல். கணக்குப் பிரிவில் என்னிடமும் கணினிப் பிரிவில் அவரிடமும் மட்டுமே அது இருந்தது. பாதுகாப்புக்காக இருவர் என்றுதான் நிறுவனம் அப்படி வைத்திருந்தது. அந்த இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே ரயிலில் போவார்கள் என்பதை ஏற்பாடு செய்த நாளில் யாரும் யோசிக்கவில்லை.

மற்றொன்று இன்னும் நுணுக்கமானது. வங்கியின் இணையச் சேவையில் பணம் அனுப்பும் கோரிக்கையை ஒருவர் உள்ளிட, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். உள்ளிடுபவள் நான், ஒப்புதல் தருபவர் இயக்குநர். எனக்கு மாற்றாக ஒரு சக ஊழியர் இருக்கிறார் என்றே நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் அவருக்கு வங்கியில் தனிப் பயனர் பெயரே இல்லை. நான் இல்லாத நாட்களில் என் கணவரை அழைத்து, “மேடத்தோட ஃபோனுக்கு ஓடிபி வந்திருக்கும், கேட்டுச் சொல்லுங்க சார்” என்பார். அவரும் எனக்கு அழைத்துக் கேட்டுச் சொல்லிவிடுவார். அதாவது என் மாற்று ஆள், என் கணவர் வழியாக நானேதான். இது தவறான பழக்கம் என்பது வேறு விஷயம். நாங்கள் இருவரும் மண்டபத்தில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே நிற்கும்போது இந்த ஏற்பாடு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்ததும்தான் எங்களுக்கு உறைத்தது.

இப்படிப்பட்ட கண்ணிகளைச் சரிசெய்ய நாளாகும். வங்கியில் இன்னொருவரை உள்ளிடுபவராகச் சேர்க்க இயக்குநரின் கையொப்பத்துடன் படிவம் தர வேண்டும். எங்களுக்கு அது முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எனவே இந்தத் தேடலை விடுப்புக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிட வேண்டும், கிளம்பும் வாரத்தில் தொடங்கினால் பயனில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாக இருந்தாலோ, செலவுக் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் தருபவராக இருந்தாலோ, அவருடைய விடுப்புக்குத் தாமே ஒப்புதல் தரக் கூடாது. செயலி அனுமதித்தாலும் கூடாது. அந்த ஒப்புதலை அடுத்த நிலையில் இருப்பவருக்கு மாற்றித் தருமாறு மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: நடுவில் சேருங்கள், ஓரங்களில் விலகுங்கள்

முதலில் நாங்கள் ஆசைப்பட்டது செப்டம்பர் 1 முதல் 9 வரை இருவருக்கும் விடுப்பு. 5-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மிலாது நபி விடுமுறை, 6, 7 சனி, ஞாயிறு. அவற்றைக் கழித்தால் ஆளுக்கு ஆறு வேலை நாட்கள், அந்த ஆறிலும் இருவரும் ஒருசேர அலுவலகத்தில் இல்லை.

அடுத்து, இந்த நாட்களில் எவற்றில் இருவரும் உண்மையாகவே பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது எளிதல்ல, ஏனென்றால் எல்லா நாளும் சேர்ந்து இருக்கத்தான் மனம் விரும்பும். ஆனால் முதல் இரண்டு நாட்கள் புடவை பிரித்து வைப்பதும் உறவினர்களை அழைப்பதும் பெண் வீட்டு வேலை, அதற்கு நான் போதும். பெண்ணழைப்பும் திருமணமும் இருவரும் இருக்க வேண்டிய நாட்கள். அதற்கடுத்த திங்களும் செவ்வாயும் என் கணவரின் குலதெய்வக் கோயிலுக்குக் குழந்தையின் முடி இறக்கும் வேண்டுதல். அதற்கு நானும் இருந்தால் நல்லதுதான். ஆனால் என் மாமியார் உடன் இருந்ததால் என்னை விட்டுவிட்டுச் செய்ய முடிந்தது. அதில் எனக்கு இன்றும் சிறிய வருத்தம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இந்தத் திட்டம் அமையாது.

இறுதியில் அமைந்த திட்டம் இது:

| தேதி | நான் | என் கணவர் |
|---|---|---|
| 1 திங்கள் | விடுப்பு | பணி |
| 2 செவ்வாய் | விடுப்பு | பணி, இரவு ரயில் |
| 3 புதன் | விடுப்பு | விடுப்பு |
| 4 வியாழன் | விடுப்பு | விடுப்பு |
| 5 முதல் 7 வரை | விடுமுறை | விடுமுறை |
| 8 திங்கள் | பணி | விடுப்பு |
| 9 செவ்வாய் | பணி | விடுப்பு |

ஆளுக்கு நான்கு நாள் விடுப்பு. இருவரும் ஒருசேர இல்லாத வேலை நாட்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. ஆயினும் புதன் காலை முதல் ஞாயிறு மாலை வரை நாங்கள் ஐந்து நாட்கள் சேர்ந்தே இருந்தோம். அலுவலகத்துக்கு இரண்டு நாள், குடும்பத்துக்கு ஐந்து நாள். பொது விடுமுறையையும் வார இறுதியையும் நடுவில் வைத்து, ஒருவர் முன்பக்கமும் மற்றவர் பின்பக்கமும் நீட்டிக்கொள்வதால்தான் இது சாத்தியமாகிறது.

இருவரும் ஒரே பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஆறு பேர் உள்ள பிரிவில் நான்கு பேர் கட்டாயம் வேண்டும் என்றால், ஒரு நேரத்தில் இருவர் மட்டுமே போகலாம். நீங்கள் இருவரும் போனால் அந்த நாட்களில் வேறு யாருக்கும் இடமில்லை. சக ஊழியர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் இதை மனத்தில் குறித்துவைப்பார்கள். ஆகவே அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து எடுக்கும் நாட்களை மூன்றுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். பண்டிகைக்கு முந்தைய நாட்களில் சேர்ந்து கேட்காமல் இருப்பது அதைவிட நல்லது.

நான்காம் படி: இரு மேலாளர்களிடமும் ஒரே நாளில், ஒரே சொற்களில்

செயலியில் விண்ணப்பிப்பதற்கு முன் பேச வேண்டும். எப்போது பேசுவது என்பதை எங்களுக்கு ரயில் முன்பதிவு முடிவுசெய்தது. 2024 நவம்பர் முதல் ரயிலில் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. ஆகஸ்ட் 31 இரவு நான் கிளம்ப ஜூலை 2 அன்றும், செப்டம்பர் 2 இரவு அவர் கிளம்ப ஜூலை 4 அன்றும் பதிவு திறக்கும். எனவே ஜூன் மூன்றாம் வாரத்தில் இருவரும் பேசிவிட்டோம். பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு போய் விடுப்பு கேட்பது மேலாளரின் கையை முறுக்குவதற்குச் சமம். சில சமயம் அது வேலைக்கு ஆகலாம், ஆனால் அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

யாரிடம் முதலில் பேசுவது என்பதும் முக்கியம். ஆள் குறைவான பிரிவின் மேலாளரிடம் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் மறுப்பு வருவதானால் அங்கிருந்துதான் வரும். எங்களில் அது மூவர் மட்டுமே உள்ள கணினிப் பிரிவு. அங்கே காலையில் பேசிவிட்டு, அன்று பிற்பகலிலேயே என் மேலாளரிடம் பேசினேன். இடையில் ஒரு நாள் விட்டால் செய்தி வேறு வழியில் போய்ச் சேரும். “ரெண்டு பேரும் ஏதோ டூர் போறாங்களாமே” என்ற வடிவில் அது போய்ச் சேர்ந்தால், பிறகு எத்தனை திட்டம் போட்டாலும் எடுபடாது.

பேசியபின் இருவரும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினோம், இரண்டின் நகலும் இரு மேலாளர்களுக்கும் போனது. நான் எழுதியது ஏறத்தாழ இப்படி:

“ஐயா, செப்டம்பர் 1 முதல் 4 வரை நான்கு நாள் ஈட்டிய விடுப்பு வேண்டுகிறேன். என் கணவர் செப்டம்பர் 3, 4, 8, 9 தேதிகளில் விடுப்பு கேட்டிருக்கிறார். இருவரும் ஒருசேர இல்லாத வேலை நாட்கள் 3, 4 ஆகிய இரண்டு மட்டுமே. ஆகஸ்ட் மாத டிடிஎஸ்ஸில் 30-ஆம் தேதி வரை பதிவான பில்களுக்கு உரியதை நான் கிளம்பும் முன் செலுத்திவிடுவேன். பின்னால் வரும் பில்களுக்கு உரியதை 6-ஆம் தேதிக்குள் செலுத்த என் சக ஊழியரை ஆயத்தப்படுத்துகிறேன், அவர் சம்மதித்திருக்கிறார். டேலி நிர்வாக உரிமை எங்கள் இருவரிடம் மட்டுமே இருப்பதால், மூன்றாமவர் ஒருவருக்கு ஆகஸ்ட் 15-க்குள் அதைத் தர வேண்டுகிறேன். இரு விண்ணப்பங்களையும் சேர்த்துப் பார்த்து முடிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் கடைசி வரிதான் உயிர்நாடி. இரு விண்ணப்பங்களையும் சேர்த்துப் பார்க்குமாறு எழுத்தில் கேட்காவிட்டால், ஒருவருடையது ஒப்புதலாகி மற்றவருடையது தொங்கும். அதைச் சட்டம் காப்பாற்றாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பும், அதோடு தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் தனித்தனியே பன்னிரண்டு நாட்களும் உண்டு. ஆனால் அவை தனிநபரின் உரிமைகள். கணவன் மனைவி சேர்ந்து எடுக்கலாம் என்ற உரிமையை அந்தச் சட்டம் தரவில்லை. எனவே கோரிக்கையாக மட்டுமே கேட்க முடியும்.

குடும்பக் காரணத்தை எவ்வளவு சொல்வது? திருமணம் என்றால் சொல்லிவிடலாம், அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மருத்துவக் காரணம் என்றால், குறிப்பாகக் குழந்தைப் பேற்றுக்கான சிகிச்சை போன்றவை என்றால், “குடும்ப மருத்துவக் காரணம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் தம் மேலாளரிடம் சொன்னது மற்றவரின் பிரிவில் தேநீர் வேளைப் பேச்சாக மாறுவது ஒரே நிறுவனத்தில் இருப்பதன் விலை. என்ன சொல்வது என்று முந்தின இரவே இருவரும் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: செயலியில் விண்ணப்பிக்கும்போது

மேலாளர்கள் வாய்மொழியாகச் சம்மதித்த அன்றே செயலியிலும் பதிந்துவிடுங்கள். 2022-இல் எங்களைக் கவிழ்த்தது இந்தத் தாமதம்தான். இருவரும் ஒரே நேரத்தில் பதிந்து, குறிப்புப் பெட்டியில் மற்றவரின் விண்ணப்ப எண்ணையும் எழுதிவிடுங்கள்.

விடுமுறை நாட்கள் நடுவில் விழும்போது விடுப்பு வகையைப் பற்றி மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். என் கணவரின் விடுப்பு 4-ஆம் தேதி நின்று 8-ஆம் தேதி தொடர்கிறது, இடையில் மூன்று விடுமுறை நாட்கள். பல நிறுவனங்களில் இருபுறமும் விடுப்பு இருந்தால் நடுவிலுள்ள விடுமுறையையும் விடுப்பாகவே எண்ணுவார்கள், சாண்ட்விச் விதி என்று அதைச் சொல்வார்கள். அப்படி எண்ணினால் அவருடைய நான்கு நாள் ஏழு நாளாகிவிடும். எங்கள் நிறுவனத்தில் அந்த விதி தற்செயல் விடுப்புக்கு மட்டுமே உண்டு. ஆகவே அவர் ஈட்டிய விடுப்பாகப் போட்டார். இதைக் கேட்காமல் போட்டிருந்தால் மூன்று நாள் வீணாகியிருக்கும்.

ஆறாம் படி: ஒப்படைப்பைக் கிளம்பும் முன் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள்

ஒப்படைப்புக் குறிப்பு எழுதாதவர் யாரும் இல்லை. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. கிளம்புவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு, ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று நீங்கள் இருவரும் அலுவலகத்தில் இருந்துகொண்டே இல்லாதவர்களைப் போல நடந்துகொள்ள வேண்டும். இருவரும் ஒரே நாளில் செய்வது அவசியம். தனித்தனி நாட்களில் செய்தால் கண்ணிகள் வெளிப்படாது.

நாங்கள் ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். என் சக ஊழியர் தன் கணினியிலேயே ஒரு சிறிய டிடிஎஸ் தொகையை உண்மையாகவே செலுத்த வேண்டும், நான் பக்கத்தில் அமர்ந்து வாய் திறக்கக் கூடாது என்று பேச்சு. முதல் பத்து நிமிடத்திலேயே நின்றுபோனது. டேலியில் பில்களைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது, செலுத்திய பதிவை உள்ளிடும் உரிமை இல்லை. அவர் வழக்கம்போல என் கணவரின் உள்ளிணைப்பு எண்ணை அழைத்தார். அவரும் ஒத்திகையில் இருந்ததால் எடுக்கவில்லை. பிறகு கணினிப் பிரிவின் இளைஞர் வந்தார், புதிதாகக் கிடைத்த நிர்வாக உரிமையைக் கொண்டு மாற்றித் தந்தார். அதற்கு அவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது, எங்கே மாற்றுவது என்று அவருக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. உரிமையைக் கொடுத்தோம், ஆனால் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கவில்லை. செப்டம்பர் 4 அன்று இது நடந்திருந்தால் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று வீடியோ அழைப்பில் விளக்கிக்கொண்டிருந்திருப்போம்.

வங்கிப் பக்கம் புதிய பயனர் பெயர் சிக்கலின்றி இயங்கியது. ஓடிபி அவருடைய கைபேசிக்கே வந்தது. சொந்தக் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ மாற்று ஆளுக்குக் கொடுப்பதைவிட விடுப்பையே ரத்து செய்வது மேல். ஏதேனும் தவறு நேர்ந்தால் பதிவில் இருப்பது உங்கள் பெயர்தான், தணிக்கையின்போது கணவன் மனைவி என்ற உறவும் சேர்ந்து சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

ஒப்படைப்புக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் தேதியில் எந்த வேலை, யார் செய்வார், அவருக்கும் முடியாவிட்டால் யார், எது காத்திருக்கலாம் என்பவை போதும். “எது காத்திருக்கலாம்” என்பதை எழுதத் தவறாதீர்கள், உங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி அதனாலேயே நின்றுவிடும். இன்னொரு கட்டுப்பாடு: உங்கள் குறிப்பில் மாற்று ஆளாக உங்கள் துணையின் பெயர் ஓரிடத்திலும் வரக் கூடாது, அவர் பணியில் இருக்கும் நாட்களுக்குக்கூட. 8-ஆம் தேதி நான் அலுவலகத்தில் இருந்தேன். அன்று கணினிப் பிரிவின் கேள்விகளை என்னிடம் கேட்டால் நான் அவருக்கு அழைத்துவிடுவேன், பிறகு விடுப்பு என்பது பெயரளவில்தான்.

ஏழாம் படி: ஒருவருக்கு மட்டும் கிடைத்தால்

இதற்கான பதிலை விண்ணப்பிக்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். மறுப்பு வந்த அன்று மாலை வீட்டில் பேசினால் நிதானம் இருக்காது. எங்களுக்கு மறுப்பு வந்திருந்தால் கேட்கவேண்டியதை மூன்று அடுக்காக எழுதி வைத்திருந்தோம். முதலில் என் கணவர் 8, 9 தேதிகளை விட்டுவிட்டு 3, 4 மட்டும் கேட்பார், குலதெய்வ வேண்டுதல் வேறு மாதம் போகும். அதுவும் இயலாவிட்டால் 3-ஆம் தேதி நாகர்கோவிலிலிருந்தே மடிக்கணினியில் வேலை பார்த்துவிட்டு 4-ஆம் தேதி மட்டும் விடுப்பு. கடைசியாக, திருமண நாள் ஒன்று. மேலாளரிடம் போய் “ஏன் முடியாது” என்று வாதிடுவதைவிட, “எந்தத் தேதி இடிக்கிறது” என்று கேட்பது பயன் தரும். பெரும்பாலும் இடிப்பது ஒரு நாள்தான், அந்த ஒரு நாளுக்காக மொத்தத்தையும் மறுத்திருப்பார்.

இன்னொருவரின் விண்ணப்பம் முன்பே இருந்து அதனால் மறுக்கப்பட்டால், அவரிடம் நேராகப் போய் மாற்றிக்கொள்ளச் சொல்லாதீர்கள். நீங்கள் இருவர், அவர் ஒருவர். நீங்கள் எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் அது நெருக்குதலாகத்தான் படும். மேலாளர் வழியாகக் கேட்கட்டும்.

விடுப்பின்போதும் திரும்பியபின்னும்

இருவரும் அலுவலகத்தில் இல்லாத இரண்டு வேலை நாட்களில் மட்டும், மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு முறை இருவரில் ஒருவர் கைபேசியைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். புதன்கிழமை என் முறை, வியாழன் அவருடையது. ஒருவருக்கு வரும் செய்தியை மற்றவர் எடுத்துப் பதில் சொல்வதில்லை. அந்த இரண்டு நாளில் எனக்கு வந்தது ஒரே செய்தி: பின்னால் வந்த மூன்று பில்களின் டிடிஎஸ் செலுத்தியாயிற்று என்று சலான் படத்துடன்.

திரும்பி வந்ததும் எனக்காக வேலை பார்த்தவர் தன் விடுப்பைக் கேட்கும்போது முதலில் நான் கைகொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத கணக்கு. தம்பதியர் இரண்டு பேரின் சலுகையை ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் கடனும் இரண்டு. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அதையொட்டிய நாட்களை நாங்கள் இருவருமே கேட்கவில்லை. என் சக ஊழியர் சனிக்கிழமையே ஊருக்குக் கிளம்பினார். 20-ஆம் தேதி கெடுவான ஜிஎஸ்டிஆர்-3பியை 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே நானும் அவரும் சேர்ந்து முடித்துவிட்டிருந்தோம்.